மாத்திரை போட்ட பிறகு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்க்கிறேன். மனநலப் பிரிவின் சீட்டுகளும் என் கைக்குத்தான் வரும். டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை ஜன்னலில் வந்து சொல்வது நிறைய பேருக்கு வழக்கம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அப்படிச் சொல்வதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான் என்பதால், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். சீட்டில் எதையும் மாற்றும் வேலை என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அதை டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

"மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. துக்கம் போயிடுச்சு, ஆனா சந்தோஷமும் கூடவே போயிடுச்சு. மாத்திரை இப்படிப் பண்ணுமா?"

பண்ணும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளிலும், வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் வகையிலும் தெரிந்த பக்கவிளைவு இது. 1990-லேயே அமெரிக்க டாக்டர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உணர்ச்சி மழுங்கல் என்று சொல்லலாம். நம் ஆட்கள் "மனசு மரத்துப் போச்சு" என்கிறார்கள், அதுவே போதும்.

ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குப்பா. வயித்தை ஒண்ணும் பண்ணல, ஆனா நாக்குக்கு ஒண்ணும் தெரியல." இதைவிடச் சரியாக நான் கேட்டதில்லை. கெட்ட உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால் அது குணம். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே மங்கினால்தான் இந்தப் பேச்சு. மாத்திரை ஆரம்பித்த முதல் ஓரிரு வாரங்களில் வருகிற தூக்கக் கலக்கத்தையும் மந்தத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். அது பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும்.

"எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 669 பேரிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 46 சதவீதம் பேர் ஏதோ ஓர் அளவில் மரத்துப்போனதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்.

அந்த எண்ணை அப்படியே மாத்திரையின் தலையில் கட்டிவிடவும் முடியாது. அதே ஆய்வில், மனச்சோர்வு இன்னும் மிச்சம் இருந்தவர்களுக்கே மரத்துப்போதலும் அதிகமாக இருந்தது. மாத்திரை எவ்வளவு, வியாதி எவ்வளவு என்று பிரிப்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகிற சிக்கல்.

"துக்கத்தைக் குறைக்கத்தானே மாத்திரை? சந்தோஷத்தை ஏன் தொடுது?"

இந்த மாத்திரைகள் செய்வது, மூளையில் செரடோனின் உறிஞ்சப்படாமல் தடுத்து, அது நரம்பணுக்களுக்கு இடையில் கூடுதல் நேரம் நிற்க வைப்பது. துக்கத்துக்கு என்று தனிச் செரடோனின் கிடையாது. மனதைக் கிள்ளுகிற செய்தியின் வேகத்தைத் தணிக்கிற அதே வேலை, மனதை மகிழ வைக்கிற செய்தியின் மேலும் நடக்கலாம். ஆர்வத்தையும் ஆசையையும் தூண்டும் டோபமின் பாதைகளைச் செரடோனின் அடக்கி வைக்கும் என்பது ஒரு விளக்கம். முழு விவரமும் இன்னும் யாருக்கும் கைவசம் இல்லை.

2023-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதில் முக்கியமானது. மனச்சோர்வே இல்லாத 66 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோபிராம் 20 மி.கி., மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, குறைந்தது 21 நாள். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. எதைத் தேர்ந்தெடுத்தால் பாராட்டு, எதைத் தேர்ந்தெடுத்தால் தவறு என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், நடுவில் விதி தலைகீழாக மாறும். மருந்து எடுத்தவர்களின் கவனமும் நினைவாற்றலும் குறையவில்லை. ஆனால் பாராட்டும் தவறும் அவர்களை முன்னைப்போல அசைக்கவில்லை. வியாதியே இல்லாதவர்களிடமும் இது தெரிந்தது என்பதால், மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம்.

"வியாதி இன்னும் சரியாகலையா, மாத்திரைதான் இப்படிப் பண்ணுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்தக் கேள்வி தப்பாகப் போனால் சிகிச்சையே எதிர்த்திசையில் போய்விடும். "எதுலயும் ஈடுபாடு இல்ல டாக்டர்" என்று மட்டும் நீங்கள் சொன்னால், அது மனச்சோர்வின் முதல் அறிகுறியாகத்தான் காதில் விழும். மனச்சோர்வு மிச்சம் இருக்கிறது என்று நினைத்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். உண்மையில் அது மாத்திரையின் வேலையாக இருந்தால், கூட்டிய அளவு இன்னும் மரத்துப்போக வைக்கும். இப்படி ஏறி ஏறிப் போன சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரித்துப் பார்க்க உதவுவது மூன்று விஷயங்கள். முதலாவது, காலம். மாத்திரைக்கு முன்பே இருந்த வெறுமையா, அல்லது தூக்கமும் பசியும் சரியான பிறகு, இல்லை அளவு கூடிய பிறகு வந்ததா? இரண்டாவது, கூட என்ன இருக்கிறது. மனச்சோர்வு என்றால் வெறுமை தனியாக வராது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, சாப்பாடு இறங்காமை, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்ற குற்ற உணர்வு, சாவு பற்றிய நினைப்பு என்று கூட்டத்தோடு வரும். மூன்றாவது, கவலையும் கோபமும் பயமும்கூடக் குறைந்திருக்கின்றனவா? மனச்சோர்வில் சந்தோஷம் போகும், வேதனை நிற்கும். மாத்திரையின் மழுங்கலில் இரண்டும் சேர்ந்தே போகும்.

சில ஆஸ்பத்திரிகளில் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொல்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதில் முதல் கேள்வியே ஆர்வம், மகிழ்ச்சி பற்றியதுதான். மொத்தம் 4 வந்து, அதில் 3 அந்த முதல் கேள்வியிலிருந்தே வந்திருந்தால் அது ஒரு துப்பு. மொத்தம் 14 வந்து, தூக்கம், பசி, குற்ற உணர்வு எல்லாவற்றிலும் புள்ளி சிதறிக் கிடந்தால் வியாதி இன்னும் அடங்கவில்லை என்று டாக்டர் நினைக்க நியாயம் உண்டு. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்வியில் எத்தனை என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

"பாட்டி செத்தப்ப எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்குப் பாசமே இல்லையா?"

அழ முடியாமல் போவது இந்தப் பக்கவிளைவில் அடிக்கடி கேட்கிற ஒன்று. எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுவது நம்மிடம் ஒரு கடமை மாதிரி ஆகிவிட்டதால், அங்கேதான் இது பளிச்சென்று தெரிகிறது. உறவுக்காரர்கள் பேசுவார்கள். கேட்டவர் பாட்டியின் கடைசி மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர். அதையெல்லாம் பாசம் இல்லாமல் யாரும் செய்வதில்லை. பாசம் இருக்கிறது, அது உடம்பில் கண்ணீராக, தொண்டை அடைப்பாகக் கிளம்புவதுதான் தடைப்பட்டிருக்கிறது.

இந்தச் சம்பவத்தைத் தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். "மனசு மந்தமா இருக்கு" என்பதைவிட "பாட்டி சாவுல அழுகை வரல, எனக்கே அது விசித்திரமா இருந்துச்சு" என்பது அவருக்கு நூறு மடங்கு உபயோகப்படும்.

"எனக்கு இதுவே நல்லாத்தான் இருக்கு. முன்னாடி எதுக்கெடுத்தாலும் அழுவேன். மாத்தியே ஆகணுமா?"

கட்டாயம் இல்லை. சிலருக்கு, குறிப்பாகப் பதற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கு, இந்தத் தணிவு நிம்மதி. வியாதி கடுமையாக இருந்த முதல் சில மாதங்களில் அது ஒரு விதத்தில் பாதுகாப்பும்கூட.

கவனிக்க வேண்டியது "எனக்கென்ன" என்கிற பக்கத்தை. கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கும் வரை கவலையில்லாமல் இருப்பது, தவணை தவறுவது, வண்டியை முன்னைவிடப் பயமில்லாமல் ஓட்டுவது, பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தும் போன் பார்த்துக்கொண்டிருப்பது. இதெல்லாம் மரத்துப்போனவருக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

"எனக்கு ரெண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை குடுத்திருக்காங்க. அதுவும் காரணமா இருக்குமா?"

அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும் ஒன்றாகக் கலந்த மாத்திரை சர்வசாதாரணம். குளோனசிபாம் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் உடனே கேட்கும் மருந்து. ஆனால் மந்தத்தையும் மறதியையும் அதுவே தரும். மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகியும் விடும். ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு என்று நினைத்து எழுதியது, பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்குவதால் ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் உண்டு.

இரவில் ஓலன்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்றவை கூட இருந்தால் அவையும் ஆளை மழுங்க வைக்கலாம். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது: "இதுல எது எதுக்கு? முதல்ல எதைக் குறைக்கலாம்?" கலவை மாத்திரையை இரண்டு தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதினால்தான் ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைக் குறைக்க முடியும். குளோனசிபாமைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், பதற்றம் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஆகவே அதுவும் படிப்படியாகத்தான்.

"டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பார்க்கிறார். அதுக்குள்ள எப்படிச் சொல்றது?"

எழுதிக்கொண்டு போங்கள், அரைப் பக்கம் போதும். மாத்திரை எப்போது ஆரம்பித்தது, அளவு எப்போது கூடியது, மரத்துப்போனது எப்போது தெரிந்தது என்று மூன்று தேதிகள். தூக்கம், பசி, வேலை இப்போது எப்படி என்று ஒரு வரி. அப்புறம் நடந்த சம்பவம் ஒன்றோ இரண்டோ. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வராதது ஒன்று, துக்கமோ கோபமோ வர வேண்டிய இடத்தில் வராதது ஒன்று. இந்த ஜோடி முக்கியம், காரணம் மேலே நான்காவது பதிலில் இருக்கிறது.

கேள்வியையும் நேராகவே கேட்கலாம்: "இது மனச்சோர்வோட மிச்சமா, மாத்திரையோட பக்கவிளைவா?" இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரை நான் அதிகம் பார்க்கவில்லை. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று ஆரம்பித்தால்தான் பேச்சு வேறு எங்கோ போகிறது. தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12 பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஆள் இதே மாதிரி மந்தமாகத்தான் இருப்பார். குடிப்பழக்கம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

"அளவைக் குறைச்சா சரியாகுமா? வியாதி திரும்பி வந்துடாதா?"

பலருக்கு அளவைக் குறைத்தாலே குறைகிறது. இந்த மாத்திரைகள் செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைச் சாதாரண ஆரம்ப அளவிலேயே அடைத்துவிடும். 10 மி.கி.யை 20 ஆக்கினால் அடைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, கொஞ்சம்தான் ஏறும். மனச்சோர்வில் கிடைக்கும் நன்மையும் ஓர் அளவுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு ஏறுவதில்லை, பக்கவிளைவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு விலக்கு: திரும்பத் திரும்பக் கை கழுவுவது, சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு உயர்ந்த அளவே தேவைப்படும். அவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், நாற்பதை நெருங்கும் வயது. எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. ஆரம்பித்தபோது அவருடைய பி.எச்.க்யூ-9 புள்ளி 18. ஆறு வாரத்தில் தூக்கமும் பசியும் திரும்பி, வேலைக்கும் போனார். மூன்றாவது மாதம் "எதுலயும் பிடிப்பில்ல" என்றார், அளவு 20 ஆனது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஜன்னலில் மாத்திரையை வாங்கிக்கொண்டே, "பொண்ணு ஓட்டப்பந்தயத்துல மெடல் வாங்கிட்டு வந்தா சார். 'சரி, உள்ள வை'ன்னு சொல்லிட்டேன். அவ மூஞ்சி போன போக்கைப் பார்த்தும் எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன்.

டாக்டர் மறுபடி தாளை நிரப்பச் சொன்னபோது மொத்தம் 4, அதில் 3 முதல் கேள்வியில். டி.எஸ்.எச். சரியாக இருந்தது. குடி இல்லை. மரத்துப்போனது முதலில் லேசாகவும், 20 ஆன பிறகு முழுசாகவும் வந்திருந்தது. ஆகவே 20-லிருந்து 15 (ஒரு 10, ஒரு 5), நான்கு வாரம். பிறகு 10. முதல் இறக்கத்தில் சில நாட்கள் தலைசுற்றலும் எரிச்சலும் இருந்தன, தானாகப் போய்விட்டன. 10-க்கு வந்து ஒரு மாதம் ஆன பிறகு மகளின் அடுத்த போட்டிக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். அங்கே கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே மாத்திரை வாங்கினார். புள்ளி 3. முன்பு இருந்த துள்ளல் முழுசாக வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

வியாதி திரும்பும் பயம் பொய்யானது இல்லை. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் ஒன்று கிடையாது. பிரிட்டனில் பல ஆண்டு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், மெதுவாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீளும்.

"நானே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். அதுவும் குறைச்ச மாதிரிதானே?"

இல்லை. எஸ்சிட்டலோபிராமில் பாதி, உடம்பை விட்டுப் போக ஒரு நாளைக்குச் சற்று அதிகமாகிறது. ஒரு நாள் விட்டால் ரத்தத்தில் அளவு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வென்லாஃபாக்ஸினுக்கு அது சில மணி நேரம்தான், ஒரு வேளை தவறினாலே தெரிந்துவிடும். பராக்ஸெட்டினும் அப்படி வம்பு பண்ணும் ரகம். ஃப்ளூவாக்ஸெட்டின் மட்டும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் கதை வேறு. குறைப்பது என்றால் தினமும் கொஞ்சம் குறைவான அளவு, அவ்வளவுதான்.

மேலே சொன்ன 80 சதவீதக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 20-லிருந்து 10-க்கு இறங்குவதைவிட 5-லிருந்து சைபருக்கு இறங்குவது மூளைக்குப் பெரிய பள்ளம். கடைசிப் படிகள்தான் சின்னதாக இருக்க வேண்டும். மெதுவாக மருந்தை விடும்படி செய்யப்பட்ட கேப்ஸ்யூல்களையும் மாத்திரைகளையும் உடைக்கவோ நசுக்கவோ வேண்டாம், எதை உடைக்கலாம் என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

"நாலு நாள் மாத்திரையை விட்டேன், அழுகை அழுகையா வருது. உணர்ச்சி திரும்பிடுச்சுன்னு அர்த்தமா?"

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். திடீரென்று விட்ட சில நாட்களில் வருகிற அழுகை பெரும்பாலும் மாத்திரை விட்ட எதிர்வினை. கூடவே தலைசுற்றல், குமட்டல், பயங்கரக் கனவுகள், எரிச்சல், தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாத்திரையைத் திரும்ப எடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். வியாதி திரும்புவது இப்படிப் பொசுக்கென்று நடக்காது. பெரும்பாலும் வாரங்கள் போன பிறகு, தூக்கத்திலிருந்தோ பசியிலிருந்தோ தொடங்கி மெல்ல வரும்.

உண்மையாகவே உணர்ச்சி திரும்பும்போது அதற்குக் காரணம் எதிரே இருக்கும். படத்தில் ஒரு காட்சி, பிள்ளையின் பேச்சு, பழைய போட்டோ. காரணமில்லாமல் கொட்டுகிற கண்ணீரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விட்ட மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, எந்த நேரமும் கூப்பிடலாம். இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

"வேற மாத்திரைக்கு மாத்தச் சொல்லிக் கேட்கலாமா?"

கேட்கலாம், அளவைக் குறைத்தும் சரியாகவில்லை என்றாலோ, குறைத்தால் வியாதி தலைதூக்குகிறது என்றாலோ. செரடோனினை நேரடியாகத் தொடாத பூப்ரோபியானில் இந்தத் தொல்லை குறைவு. முன்பு சொன்ன 2017 ஆய்வில் அதை எடுத்தவர்களில் 33 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். சைபர் இல்லை என்பதையும் கவனியுங்கள். வலிப்பு வந்தவர்களுக்கும், பட்டினி கிடந்து அல்லது வாந்தியெடுத்து உடம்பைக் குறைக்கும் நோய் உள்ளவர்களுக்கும், குடியைத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கும் அது கூடாது. பதற்றம் அதிகம் உள்ளவருக்குச் சில சமயம் அதைக் கூட்டியும் விடும்.

வார்டியாக்ஸெட்டின் இன்னொரு வழி. மரத்துப்போன நோயாளிகளை அதற்கு மாற்றிய ஓர் ஆய்வில் எட்டு வாரத்தில் பாதிப் பேருக்கு அந்தத் தொல்லை போய்விட்டது. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இல்லை, செலவு மருந்துக் கம்பெனியுடையது. நான் அதைப் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். இவை இரண்டும் அரசு மருந்தகத்தில் எல்லா இடத்திலும் கிடைக்காது. மாதம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காசில்லாமல் பாதியில் நின்றுபோகும் நல்ல மருந்தைவிட, விடாமல் கிடைக்கும் சுமாரான மருந்து மேல்.

"என் பையனுக்கு 17 வயசு. மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து பரீட்சை பத்தின கவலையே இல்ல. பயம் போச்சுன்னு சந்தோஷப்படறதா?"

பரீட்சைப் பயத்தில் வாந்தி எடுத்த பையன் இப்போது அமைதியாக உட்கார்ந்து படித்தால் சந்தோஷப்படுங்கள். ஹால் டிக்கெட் வாங்க மறந்து, கேட்டால் தோளைக் குலுக்கி, கிரிக்கெட்டையும் நண்பர்களையும் சேர்த்தே விட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் இது வருவதாகப் பதிவுகள் உண்டு. சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது.

நேரெதிரான ஒன்றையும் பாருங்கள். தூக்கமே தேவைப்படாமல், ஓயாத பேச்சும் பெரிய பெரிய திட்டங்களுமாக மாறினால் அது வேறு வியாதியின் தலைகாட்டல், உடனே கூட்டிப்போக வேண்டும். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மாத்திரை ஆரம்பிக்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால், ஏற்றினாலும் இறக்கினாலும் முதல் சில வாரங்கள் கூடவே இருந்து கவனியுங்கள்.

"தாம்பத்தியத்துலயும் ஆர்வம் போச்சு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

தனித்தனி, ஆனால் அடிக்கடி சேர்ந்தே வரும். ஒன்று இருந்தால் மற்றதைப் பற்றியும் டாக்டர் கேட்க வேண்டும், அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது என்று மாத்திரையால் வருவது பெரும்பாலும் முதல் வாரங்களிலேயே தெரிந்துவிடும். வெட்கப்பட்டால் "அந்தப் பக்கவிளைவும் இருக்கு" என்று சீட்டின் ஓரத்தில் எழுதி நீட்டினால்கூடப் போதும். இரண்டும் சேர்ந்து இருப்பது மருந்தை மாற்றலாம் என்ற முடிவுக்கு வலு சேர்க்கும்.

"மாத்திரையை முழுசா நிறுத்தினா பழைய ஆளா ஆயிடுவேனா? எத்தனை நாள் ஆகும்?"

அளவு குறைந்த, நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சி திரும்புகிறது. சிலருக்கு மாதங்கள் இழுக்கும். பாலுறவுத் தொல்லையும், கூடவே மரத்துப்போதலும், மாத்திரையை விட்ட பிறகும் நீடிப்பதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பாலுறவுத் தொல்லை அப்படி நீடிக்கலாம் என்று மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் சொன்னது. எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது என்பதற்கு நம்பகமான கணக்கு இன்னும் இல்லை.

"பழைய ஆள்" என்று எந்த ஆளைச் சொல்கிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வியாதிக்கு முன்பு இருந்தவரா, வியாதியில் தினமும் அழுதுகொண்டிருந்தவரா? நிறுத்திய பிறகு வெறுமை மட்டும் நீடித்து, தூக்கமும் பசியும் மறுபடி கெட ஆரம்பித்தால் அது பக்கவிளைவின் மிச்சம் இல்லை. நான்காவது பதிலில் உள்ள மூன்று விஷயங்களை மறுபடி சரிபார்த்து, அதே அரைப் பக்கக் காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள்.